காசிமேட்டுத் தம்பியும் கிரியேட்டினும்: வயிற்றுப்போக்கு, உப்புசம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே வருபவர்களில் பாதிப் பேர் உடல் உழைப்பில் இருப்பவர்கள்: துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், மீன் மார்க்கெட் பையன்கள். தசை பலத்துக்காக எடுக்கும் கிரியேட்டின் தூளை வாங்கி இரண்டு வாரத்தில் டப்பாவை மூடி வைத்துவிடுபவர்களை வருடத்துக்கு ஐந்தாறு பேராவது பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "நமக்கு செட் ஆவல மாஸ்டர்." ஆனால் என்ன எடுத்தீர்கள், எப்போது, எவ்வளவு, எதில் கலந்து என்று கேட்டால் பதில் வராது. இந்த ஒருவர் விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலிருந்து கணக்கு எழுதி வைத்தோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

யார், என்ன நடந்தது

தம்பிக்கு 24 வயது, எடை 63 கிலோ. வீடு ராயபுரம், வேலை காசிமேட்டில். விடியற்காலை ஏலத்துக்கு முன்னால் மீன் கூடைகளை இறக்கி, ஐஸ் போட்டு அடுக்குவது. மூன்று மணிக்கு ஆரம்பித்தால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மதியம் தூங்கி எழுந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஜிம்முக்கு வருவார். சர்க்கரை, கிட்னி, குடல் தொந்தரவு எதுவும் முன்பு இருந்ததில்லை. ஒரு மாதமாகப் பாலில் வே புரோட்டீன் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தத் தகவல் பின்னால் உதவியது.

ஜிம்மில் மூத்த பையன் ஒருவர், "முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 கிராம் லோடிங் போடு" என்று சொல்லியிருக்கிறார். 20 கிராமை நான்காகப் பிரித்து, வேளைக்கு 5 கிராமாக எடுப்பதுதான் அந்த முறை. இவருக்கு நான்கு வேளை சரிப்படாது, வேலை அப்படி. அதனால் இரண்டு வேளையாகச் சுருக்கிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு, வேலை தொடங்கும் முன், வெறும் வயிற்றில் ஒன்று. சாயங்காலம் ஐந்தரைக்கு, ஜிம்முக்குக் கிளம்பும்போது ஒன்று.

இரண்டாம் நாளே வயிறு உருட்ட ஆரம்பித்தது. மூன்று மணிக்குக் குடித்தால் நாலேகாலுக்கு இரைச்சல், நாலே முக்காலுக்கு ஓட்டம். தண்ணீராகப் போனது. ரத்தம் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. எட்டு மணிக்குள் மூன்று தடவை. ஏலம் நடக்கும் நேரத்தில் கூடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. கழிப்பறை வரிசையில் நிற்கவும் நேரம் இல்லை. மூன்றாம் நாள் ஏலக்காரர் திட்டியிருக்கிறார். சாயங்காலம் குடித்ததற்கு ஏழு மணி வாக்கில், ஸ்குவாட் போடும் நேரத்தில், அதே கதை. இரவு வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டு, சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் மாலையோடு நிறுத்திவிட்டார்.

முதலில் சந்தேகப்பட்டவை

அவருடைய அம்மா தண்ணீரைத்தான் சொன்னார். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்தான். அதில் தப்பில்லை. ஆனால் அதே குடத்துத் தண்ணீரைக் குடித்த வீட்டில் மற்ற நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் குடிக்கும் டீயைத்தான் இவரும் குடித்தார். வீட்டுச் சாப்பாடும் வழக்கமானதுதான்.

அடுத்து வே புரோட்டீன். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதே மாதிரி உப்புசமும் பேதியும் வரும். கிரியேட்டினையும் வேயையும் ஒரே வாரத்தில் தொடங்கியவர்களுக்கு எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. நல்ல வேளையாக இவர் வேயை ஒரு மாதம் முன்பே தொடங்கி, தொந்தரவு இல்லாமல் குடித்து வந்தார். அந்த நாலு நாளிலும் அதன் அளவு மாறவில்லை.

நிறுத்திய மறுநாள் ஒரு தடவை இளக்கமாகப் போனது. அதற்கு அடுத்த நாள் வயிறு சாதாரணமாகிவிட்டது. இதை மட்டும் வைத்துக் கிரியேட்டின்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, சின்னக் கிருமித் தொற்றும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவரே மறுபடி பழைய அளவை எடுத்திருக்கிறார். காசிமேட்டில் ஞாயிறு என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப அதே உருட்டல், அதே ஓட்டம். எடுத்தால் வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது, திரும்ப எடுத்தால் அதே நேர இடைவெளியில் வருகிறது. இதற்குப் பிறகு தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கூப்பை எடைபோட்டோம்

"எவ்வளவு எடுத்தாய்?" என்று கேட்டேன். "கால் ஸ்கூப் மாஸ்டர்" என்றார். எந்த ஸ்கூப்? கிரியேட்டின் டப்பாவில் வரும் சின்ன ஸ்கூப் தூளுக்கு அடியில் புதைந்திருந்தது, இவர் தேடவில்லை. வே டப்பாவின் பெரிய ஸ்கூப்பில் அடி மூடும் அளவுக்கு அள்ளிக் கொட்டியிருக்கிறார்.

பக்கத்து நகைப் பட்டறையில் இருந்து சின்ன டிஜிட்டல் தராசை வாங்கி வந்தேன். "வீட்டில் எப்படி எடுப்பாயோ அப்படியே எடு" என்று மூன்று முறை அள்ளச் சொன்னேன். 9.8 கிராம், 12.6, 11.4. ஒரே கை, ஒரே ஸ்கூப், மூன்று அளவு. ஆக வேளைக்குச் சுமார் 11 கிராம். டப்பாவின் சொந்த ஸ்கூப்பைத் தோண்டி எடுத்து, தலைதட்டி எடைபோட்டால் 3 கிராம் வந்தது. லேபிளிலும் 3 கிராம் என்றுதான் போட்டிருந்தது. அவர் நினைத்தது 'கால் ஸ்கூப்', உள்ளே போனது சின்ன ஸ்கூப்பில் கிட்டத்தட்ட நாலு.

அடுத்தது எதில் கலந்தார் என்பது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வேலை, அதனால் ஐஸ் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி ஐஸ் தண்ணீரில் போட்டு ஆட்டிக் குடிப்பாராம். அடியில் தங்கியதை? "அதுலதானே சத்து இருக்கு! கொஞ்சம் தண்ணி ஊத்தி அலசிக் குடிச்சிடுவேன்."

ஜிம்மிலேயே அதைச் செய்து பார்த்தோம். ஒரு கண்ணாடி டம்ளரில் ஃபிரிட்ஜ் தண்ணீர், அதில் 11 கிராம். ஒரு நிமிடம் கலக்கியும் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை மணல் மாதிரி நின்றது. விரலால் தேய்த்தால் நெறுநெறுவென்று இருந்தது. பக்கத்து டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் கால் லிட்டர், அதில் ஒன்றரை கிராம். ஏழெட்டுச் சுற்றில் தெளிந்துவிட்டது. இரண்டு டம்ளரையும் தம்பி ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தூள் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தண்ணீரில் எளிதில் கரையாது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 14 கிராமைத்தான் கரைக்கும். ஃபிரிட்ஜ் குளிரில், அதாவது 4 டிகிரியில், 6 கிராம்தான். 50 டிகிரிக்குச் சூடாக்கினால் 34 கிராம் வரை கரையும். இந்தக் கணக்கில் 200 மில்லி ஐஸ் தண்ணீர் கரைத்திருக்கக்கூடியது ஒரு கிராமுக்குச் சற்று மேல். மீதி பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, மணலாகவே வெறும் வயிற்றுக்குள் போயிருக்கிறது. வயிற்றுச் சூட்டில் அது கரையத்தான் செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய தண்ணீரை உடம்புதான் தர வேண்டியிருக்கும்.

குடலுக்குள் நடப்பது

காசிமேட்டில் வேலை செய்பவருக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. கருவாட்டுக்கு மீனை உப்பில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கசிந்து தொட்டியில் நிற்கும். உப்பு மீனுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே இழுக்கிறது. குடலுக்குள் ஒரே நேரத்தில் நிறையக் கரைபொருள் சேர்ந்தாலும் அதுதான் நடக்கிறது. குடல் சுவர் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது.

கிரியேட்டினைச் சிறுகுடல் சும்மா ஊறவிட்டு எடுத்துக்கொள்வதில்லை. குடல் சுவரில் அதற்கென்று இருக்கும் கடத்திப் புரதம் ஒன்று, சோடியத்தோடு சேர்த்து அதை உள்ளே இழுக்கிறது. அந்த வாசலில் ஒரே நேரத்தில் இவ்வளவுதான் நுழைய முடியும். இரண்டு மூன்று கிராம் வந்தால் வாசலில் நெரிசல் இல்லை. பதினொன்று ஒன்றாக வந்தால் உள்ளே போக முடியாதது குடலிலேயே தங்கி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே நகர்கிறது. உருட்டல், உப்புசம், கடைசியில் தண்ணீராகப் போவது, எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. ஒன்றேகால் மணி நேரத்தில் தொடங்கியதும் இதோடு பொருந்துகிறது. கெட்டுப்போன சாப்பாடாக இருந்தால் ஒவ்வொரு நாளும் இப்படிக் கடிகாரம் பார்த்து வராது.

அளவைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2008-இல் வெளியானது, 59 கால்பந்து வீரர்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவினர் 10 கிராமை இரண்டு 5 கிராமாகப் பிரித்து எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே 10 கிராமை ஒரே தடவையில் எடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு வெறும் போலித் தூள். இருபத்தெட்டு நாள். ஒரே தடவையில் எடுத்தவர்களில் 55.6 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு. பிரித்து எடுத்தவர்களில் 28.6. போலித் தூள் எடுத்தவர்களில் 35. நாள் மொத்தம் ஒன்றுதான், பிரித்ததில்தான் வித்தியாசம். அந்த 35 சதவீதத்தையும் கவனிக்க வேண்டும். கிரியேட்டினே எடுக்காதவர்களில் மூன்றில் ஒருவருக்கும் ஒரு மாதத்தில் வயிறு இளகியிருக்கிறது. அதனால்தான் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பார்க்காமல் தூளின் மேல் பழி போடக் கூடாது என்கிறேன்.

மாற்றிய முறை

முதலில் ஐந்து நாள் முழு நிறுத்தம். ஒரு நாள் விட்டு உடனே ஆரம்பித்தால், ஏற்கனவே நொந்த குடலில் சின்ன அளவும் தொந்தரவு செய்யலாம், அப்புறம் எதனால் வந்தது என்று புரியாது. இந்த நாட்களில் அவர் வேயையோ சாப்பாட்டையோ மாற்றவில்லை. நான்தான் மாற்ற விடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

லோடிங்கைக் கைவிட்டோம். அவருக்கு இதில் வருத்தம், பலன் குறையும் என்று நினைத்தார். 1996-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆறு நாள் 20 கிராம் எடுத்தவர்களுக்கும், இருபத்தெட்டு நாள் வெறும் 3 கிராம் எடுத்தவர்களுக்கும் தசையில் சேர்ந்த கிரியேட்டின் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. லோடிங்கால் கிடைப்பது மூன்று வாரம் முன்கூட்டிய பலன், அவ்வளவுதான். போட்டி எதுவும் இல்லாத ஒருவருக்கு அந்த மூன்று வார அவசரம் எதற்கு?

முதல் வாரம் நாளுக்கு 3 கிராம், ஒன்றரை ஒன்றரையாக. தலைதட்டிய 3 கிராம் ஸ்கூப்பில் பாதி. காலை வேளையை மூன்று மணியிலிருந்து ஒன்பது மணிக்கு மாற்றினோம். வேலை முடிந்ததும் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் குடிப்பது அவர் வழக்கம். ஒரு சொம்பு கூழில் ஒன்றரை கிராமைக் கலந்து அங்கேயே குடித்துவிடுவார். கூழ் புளித்ததாயிற்றே, கெட்டுப்போகாதா என்று கேட்டார். கலந்ததும் குடித்தால் ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் ஈரத்தில் ஊறவிட்டால்தான் கிரியேட்டின் மெல்ல கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளாக மாறி வீணாகும். அதனால் ராத்திரியே கலக்கி பாட்டிலில் எடுத்துப் போகும் வேலை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இரவு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு, வெதுவெதுப்பான கால் லிட்டர் தண்ணீரில்.

நோட்டில் நான்கு பத்தி: நேரம், எடை, எதில் கலந்தது, வயிறு எப்படி. முதல் வாரம் நான்காவது பத்தி முழுக்க 'ஒன்றும் இல்லை'.

இரண்டாம் வாரம் மூன்றாவது வேளை ஒன்று சேர்த்தோம், நாளுக்கு மொத்தம் 4.5 கிராம். இங்கே ஒரு சறுக்கல், காரணம் என் பேச்சு. "தண்ணீர் நிறைய வைத்துக் குடி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அவர் அரை லிட்டரில் கலந்து, ஜிம்முக்குக் கிளம்பும் முன் மடமடவென்று குடித்துவிட்டு வந்து கயிறு குதித்திருக்கிறார். பேதி இல்லை, ஆனால் மேல்வயிறு இறுகி, ஏப்பம் ஏப்பமாக வந்தது. நோட்டைப் பார்த்ததும் புரிந்தது. மற்ற இரண்டு வேளையும் அதே ஒன்றரை கிராம்தான், அவற்றில் உப்புசம் இல்லை. ஆக இது தூளால் வந்தது அல்ல, வயிறு நிறையத் தண்ணீரோடு குதித்ததால் வந்தது. அந்த வேளையை நான்கு மணி நாஸ்டாவோடு நகர்த்தி, கால் லிட்டராகக் குறைத்தோம். அடுத்த நாளிலிருந்து இல்லை.

மூன்றாம் வாரம் அவர் வேறொரு கவலையோடு வந்தார். எடை 64.2 ஆகியிருந்தது. "உப்புசம் திரும்ப வந்துடுச்சு மாஸ்டர்." வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இளக்கமாக இருந்தது. சாப்பிட்டதும் இறுகுகிறதா, காற்று பிரிகிறதா, பேன்ட் இடுப்பில் பிடிக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை, தராசு மட்டும்தான் ஏறியிருந்தது. கிரியேட்டின் தசைக்குள் சேரும்போது தண்ணீரும் கூடவே சேரும். தொடக்க வாரங்களில் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறுவது வழக்கம். குடல் உப்புசம் சாப்பாட்டையும் வேளையையும் ஒட்டி வரும், போகும், சங்கடப்படுத்தும். தசைத் தண்ணீர் வலிக்காது, ராத்திரிக்குள் வடியவும் செய்யாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் 'உப்புசம்' என்று சொல்வதால்தான் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த முறை எதற்குப் பொருந்தாது

பிரித்து எடுப்பது, கரைத்து எடுப்பது இரண்டும் மேலே சொன்ன காரணத்துக்கு மட்டும்தான் மருந்து. காய்ச்சல் இருந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், தூளை நிறுத்தி இரண்டு நாள் கழித்தும் நிற்காவிட்டால், பிடித்து இழுக்கும் வயிற்று வலி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நம் வெயிலில் உடல் உழைப்பு செய்பவருக்குத் தண்ணீராகப் போனால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். இந்தத் தம்பிக்கு அந்த நாலு நாளும் வெறும் தண்ணீரும் டீயும்தான். ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். கிட்னி நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தப் பரிசோதனை எடுத்தால் கிரியேட்டின் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிட்னியில் கோளாறு இல்லாமலே ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் சற்று ஏறிக் காட்டக்கூடும்.

சின்ன அளவில், சாப்பாட்டோடு, நன்றாகக் கரைத்து எடுத்தும் ஒருவருக்குத் தொந்தரவு தொடர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது டப்பாவின் பொருள் பட்டியலை. சுவையூட்டிய தூள்களில் சிலவற்றில் சேரும் இனிப்புப் பொருட்களே வயிற்றை இளக்கும். சுவை சேர்க்காத வெறும் மோனோஹைட்ரேட்டை ஒரு வாரம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எட்டாம் வாரம் வரை

ஆறாம் வாரம் ஒரு நாள் காலை, மாலை வேளைகளை மறந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 4.5 கிராமையும் ஒன்றாக வெதுவெதுப்பான தண்ணீரில் குடித்திருக்கிறார். வயிறு அமைதியாக இருந்தது. அந்தத் தைரியத்தில் ஏழாம் வாரம், ஒரு நாள் முழுக்க விட்டுப்போனதை மறுநாள் இரவு சேர்த்து ஈடுகட்டி 9 கிராம் எடுத்தார். நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது: "9.10 குடித்தேன். 10.30 இரைச்சல். 11 மணி ஒரு தடவை." சாப்பாட்டோடும் இதமான தண்ணீரிலும் எடுத்தும் வந்திருக்கிறது. அவர் குடலின் எல்லை 4.5-க்கும் 9-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. துல்லியமாகக் கண்டுபிடிக்கும் ஆசை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் தசையில் இருப்பது வடிந்துவிடாது, முழுவதும் பழைய நிலைக்கு இறங்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று சொன்னேன். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், மறுநாள் வழக்கமான அளவு போதும் என்று முடிவு செய்தோம்.

இப்போது அவர் எடுப்பது காலையில் கூழோடு ஒன்றரை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 3 கிராம். வே டப்பாவின் பெரிய ஸ்கூப்பை அவருடைய அம்மா அரிசிப் பானைக்கு எடுத்துக்கொண்டார்.